கேமிங் லேப்டாப் வாங்குகிறீர்களா? சார்ஜரின் வாட்ஸைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் சித்தப்பா மகன் போன் செய்தான். கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "அண்ணா, என் லேப்டாப் கெட்டுப் போச்சுன்னு நினைக்கிறேன். சார்ஜர் மாட்டித்தான் கேம் விளையாடறேன். ஆனாலும் பேட்டரி இறங்கிக்கிட்டே போகுது. ஒரு மணி நேரம் ஆனதும் கேம் தந்தி அடிக்க ஆரம்பிச்சுடுது" என்றான்.

நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எந்த சார்ஜர் மாட்டியிருக்கே?"

லேப்டாப்புடன் வந்த சார்ஜர் செங்கல் போல கனக்கிறது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, யு.எஸ்.பி. டைப்-சி முனை கொண்ட 100 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கி விடுதியில் பயன்படுத்தி வந்திருக்கிறான். போனுக்கும் அதுவே, லேப்டாப்புக்கும் அதுவே. கடைக்காரர், "100 வாட் தாராளமாகப் போதும்" என்று சொல்லியிருக்கிறார். லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. அதற்குக் கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கேமிங் லேப்டாப் வாங்குபவர்கள் ப்ராசசர் எது, கிராபிக்ஸ் எது, ராம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். சார்ஜர் எத்தனை வாட்ஸ் என்று கேட்பவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த லேப்டாப் எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதை முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. பேட்டரியில் இயங்கும்போது கேம் ஏன் தடுமாறுகிறது என்ற கேள்விக்கும் இதே எண்ணில்தான் பதில் இருக்கிறது.

செலவுக் கணக்கு

தம்பியின் லேப்டாப்பையே எடுத்துக் கொள்வோம். அதில் இருப்பது இன்டெல் கோர் ஐ7 13700எச் ப்ராசசர், என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் சிப். இந்த ப்ராசசரின் அடிப்படை மின்தேவை 45 வாட்ஸ் என இன்டெல் குறிப்பிடுகிறது. ஆனால் சில விநாடிகளுக்கு அது 115 வாட்ஸ் வரை போகலாம். லேப்டாப்புகளுக்கான ஆர்.டி.எக்ஸ். 4060 சிப்பிற்கு 35 முதல் 115 வாட்ஸ் வரை தரலாம் என்பது என்விடியாவின் கணக்கு. இந்த எல்லைக்குள் எவ்வளவு தருவது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். தம்பியின் லேப்டாப்பில் முழு அளவும் தரப்பட்டிருந்தது.

இவற்றுடன் திரை, ராம், எஸ்.எஸ்.டி., மின்விசிறிகள் எல்லாம் சேர்ந்து 20 வாட்ஸ் வரை எடுத்துக் கொள்ளும். ஒரு கேம் முழுவீச்சில் ஓடும்போது கிராபிக்ஸ் சிப்பிற்கு 110, ப்ராசசருக்கு 45, மற்றவற்றுக்கு 20 என்று வைத்தால் மொத்தம் 175 வாட்ஸ். திடீரென ப்ராசசர் உச்சத்திற்குத் தாவினால் இன்னும் கூடுதலாக வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகவும் கொஞ்சம் வேண்டும். இதனால்தான் இந்த லேப்டாப்புடன் 230 வாட் சார்ஜர் தரப்பட்டிருந்தது. அந்தச் செங்கலின் கனம் வீண் கனம் அல்ல.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கிராபிக்ஸ் கார்டை மாற்றும்போது எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ் என்று பார்ப்போம் அல்லவா? கேமிங் லேப்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ்.தான் அதன் சார்ஜர். கேபினெட்டிற்கு வெளியே வந்துவிட்டதால் அதை நாம் மறந்துவிடுகிறோம்.

பேட்டரியால் ஏன் முடியவில்லை?

பேட்டரியின் மீது "60Wh" என்று எழுதியிருந்தால் அது 60 வாட்-ஹவர். அதாவது 60 வாட்ஸ் வீதம் எடுத்தால் ஒரு மணி நேரம் வரும். இது பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. குடத்தில் தண்ணீர் நிறைய இருக்கலாம். குழாயின் அகலம் வேறு விஷயம்.

தம்பியின் லேப்டாப் பேட்டரியில் நான்கு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. மொத்தம் 15.4 வோல்ட், 60 வாட்-ஹவர். வகுத்துப் பார்த்தால் சுமார் 3.9 ஆம்பியர்-ஹவர். இதிலிருந்து 175 வாட்ஸ் எடுக்க வேண்டுமானால் 11 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும். இது பேட்டரியின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். லேப்டாப்புகளில் வைக்கப்படும் செல்கள், மெல்லியதாகவும் கொள்ளளவு அதிகமாகவும் இருக்க வேண்டும் என்று தயாரிக்கப்படுபவை. மின்சாரத்தை அள்ளிக் கொட்டுவது அவற்றின் வேலை அல்ல. கட்டாயப்படுத்தி எடுத்தால் செல்லின் உள் மின்தடையால் வெப்பம் உண்டாகும், வோல்டேஜ் சரியும், செல்லின் ஆயுள் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முழு சார்ஜில் இந்த பேட்டரி 17 வோல்ட்டுக்கு மேல் காட்டும். தீரும் நிலையில் 12 வோல்ட்டை நெருங்கும். வோல்டேஜ் குறையக் குறைய, அதே வாட்ஸைத் தருவதற்கு ஆம்பியர் கூட வேண்டும். ஆக, பேட்டரி எப்போது களைத்திருக்கிறதோ அப்போதுதான் அதன் மீது அதிகச் சுமை விழுகிறது.

அப்படியானால் பெரிய பேட்டரி வைத்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 100 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் எடுத்துச் செல்ல, விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எனவேதான் விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்புகளிலும் பேட்டரி 99 அல்லது 99.9 வாட்-ஹவரோடு நின்றுவிடுகிறது. கிராபிக்ஸ் சிப்பின் பசி வளர்ந்து கொண்டே போகிறது. பேட்டரி வளர முடியாது.

எனவே சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு சிப், ப்ராசசருக்கும் கிராபிக்ஸ் சிப்பிற்கும் புதிய உச்சவரம்பு போட்டு விடுகிறது. தம்பியின் லேப்டாப்பில் நான் பார்த்தபோது, பேட்டரியில் கிராபிக்ஸ் சிப் சுமார் 45 வாட்ஸ், ப்ராசசர் 25 வாட்ஸ் என்ற அளவில் நின்றன. மொத்தம் 85 வாட்ஸ் அளவு. இந்தக் கணக்கில் 60 வாட்-ஹவர் பேட்டரி முக்கால் மணி நேரம்கூட வராது. அரை வேகத்தில் ஓடியும் இவ்வளவு நேரம்தான்.

இதற்கு மேல் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் என்ற வசதி இருக்கிறது. 2014ல் அறிமுகமான இது, பேட்டரியில் இயங்கும்போது கேமின் வேகத்தை விநாடிக்கு 30 பிரேம் போன்ற ஓர் அளவில் பிடித்து வைக்கும். "சார்ஜரைப் பிடுங்கியதும் கேம் சரியாக 30 பிரேமில் ஒட்டிக் கொள்கிறது, என்ன கோளாறு?" என்று பலர் குழம்புவது இதனால்தான். அது கோளாறு அல்ல. வேண்டாம் என்றால் அந்த வசதியை நிறுத்திவிடலாம். ஆனால் 30 பிரேம் 40, 45 ஆகுமே தவிர, சார்ஜரில் கிடைத்த வேகம் வராது. விண்டோஸில் பவர் மோடை Best performance என்று மாற்றினாலும் இதே கதைதான். அந்த உச்சவரம்பு விண்டோஸுக்குக் கீழே, பயாஸ் நிலையில் போடப்பட்டது. விண்டோஸ் அதைத் தாண்ட முடியாது.

பேட்டரியில் வேகம் குறைவது எல்லா லேப்டாப்புக்கும் பொதுவான விதி என்று எண்ணிவிட வேண்டாம். 2020 முதல் வந்த ஆப்பிள் எம் வரிசை லேப்டாப்புகள் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகின்றன. அவற்றின் மொத்த மின்தேவை பெரும்பாலும் பேட்டரி தரக்கூடிய அளவிற்குள் அடங்கி விடுகிறது. எல்லாம் வாட்ஸ் கணக்குதான்.

சார்ஜர் சிறியதாக இருந்தால்

இப்போது தம்பியின் புகாருக்கு வருவோம். சார்ஜர் மாட்டியிருந்தும் பேட்டரி ஏன் இறங்கியது?

மாட்டப்பட்ட சார்ஜர் எத்தனை வாட்ஸ் என்பதை லேப்டாப் கேட்டுத் தெரிந்து கொள்கிறது. டைப்-சி என்றால் சார்ஜரும் லேப்டாப்பும் கேபிள் வழியாகப் பேசிக் கொள்கின்றன. வட்ட முனை அல்லது சதுர முனை சார்ஜர்களில், பல நிறுவனங்கள் நடுவில் ஒரு மெல்லிய பின் வைத்து அதன் மூலம் வாட்ஸைத் தெரிவிக்கின்றன. வந்திருப்பது 100 வாட் என்று தெரிந்ததும் லேப்டாப் வேகத்தைக் குறைக்கிறது. அப்படியும் பற்றாக்குறை வந்தால் மீதியை பேட்டரியிலிருந்து எடுத்துக் கொள்கிறது.

தம்பி சொன்னபடி, ஒரு மணி நேரத்தில் பேட்டரி 100 சதவீதத்திலிருந்து 40க்கு வந்தது. 60 வாட்-ஹவரில் 60 சதவீதம் என்றால் 36 வாட்-ஹவர். ஒரு மணி நேரத்தில் 36 வாட்-ஹவர் குறைந்தது என்றால், சார்ஜர் தந்தது போக 36 வாட்ஸ் பற்றாக்குறை. ஆக லேப்டாப் எடுத்துக் கொண்டது ஏறக்குறைய 130 வாட்ஸ். முழு சார்ஜரில் எடுக்கும் 175 வாட்ஸ் கிடைக்கவில்லை. இருந்தாலும் ஓரளவு ஓடியது.

சிக்கல் அதற்குப் பின்தான். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், இனி அதிலிருந்து எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு சிப் முடிவு செய்கிறது. அந்த நொடியிலிருந்து எல்லாம் 100 வாட்ஸுக்குள் அடங்க வேண்டும். கிராபிக்ஸ் சிப்பின் வேகம் சட்டென்று விழுகிறது. ப்ராசசர் ஒரு கணம் உச்சத்திற்குத் தாவ முயன்று சார்ஜரின் எல்லையைத் தொட்டுவிட்டால், அவசர பிரேக் போட்டது போல அதன் வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் அளவிற்கும் போய் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தம்பி "தந்தி அடிக்குது" என்றான். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியதால் சார்ஜர் மீது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சூடு என்று நினைத்து கூலிங் பேட் வேறு வாங்கியிருக்கிறான்!

இதில் கேபிளும் கவனிக்க வேண்டிய விஷயம். டைப்-சியில் 100 வாட்ஸ் என்பது 20 வோல்ட், 5 ஆம்பியர். 5 ஆம்பியர் தாங்கும் கேபிளில் அதைத் தெரிவிக்கும் சிறு சிப் இருக்க வேண்டும். போனுடன் வரும் சாதாரண கேபிளை மாட்டினால், சார்ஜர் 100 வாட்ஸ் ஆனாலும் 3 ஆம்பியருக்கு மேல் தராது. கையில் கிடைப்பது 60 வாட்ஸ்தான். 2021ல் வந்த புதிய யு.எஸ்.பி. விதிமுறை 240 வாட்ஸ் வரை அனுமதிக்கிறது. ஆனால் சார்ஜர், கேபிள், லேப்டாப் மூன்றும் அதை ஏற்றுக் கொள்பவையாக இருந்தால்தான் பயன். 240 வாட் சார்ஜரை வாங்கி, 100 வாட்ஸ் மட்டுமே ஏற்கும் டைப்-சி போர்ட்டில் செருகினால் 100தான் வரும்.

நீங்களே சோதிக்கலாம்

முதலில் சார்ஜரின் லேபிளைப் பாருங்கள். அவுட்புட் என்ற இடத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட்ஸ். லேப்டாப்பின் விவரக் குறிப்பில் உள்ள எண்ணுடன் இது பொருந்த வேண்டும்.

அடுத்து HWiNFO என்ற இலவச புரோகிராமை இயக்கி, சென்சார் பட்டியலில் பேட்டரி பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே Charge Rate என்ற வரி இருக்கும். சார்ஜர் மாட்டிக் கொண்டு கேம் விளையாடும்போது இந்த எண் மைனஸில் இருந்தால், பேட்டரியும் சேர்ந்து உழைக்கிறது என்று பொருள். மைனஸ் 36 என்றால் 36 வாட்ஸ் பற்றாக்குறை. எப்போதாவது ஓரிரு விநாடி மைனஸ் போவது இயல்புதான். தொடர்ந்து மைனஸில் நின்றால் சார்ஜர் போதவில்லை.

கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட்ஸ் எடுக்கிறது என்பதைப் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கீழ்க்காணும் கட்டளையைக் கொடுங்கள்.

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.gr --format=csv -l 1
```

விநாடிக்கு ஒரு முறை வாட்ஸும் மெகாஹெர்ட்ஸும் காட்டப்படும். நிறுத்த Ctrl + C அழுத்தவும். ஒரே கேமில், ஒரே இடத்தில் நின்று கொண்டு, லேப்டாப்புடன் வந்த சார்ஜர், சிறிய சார்ஜர், பேட்டரி என மூன்று விதத்திலும் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். தம்பியின் லேப்டாப்பில் இவை முறையே 110, 65, 45 வாட்ஸ் என்ற அளவில் இருந்தன. அவன் பணம் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் சிப்பின் பெரும்பகுதி விடுதியில் தூங்கிக் கொண்டிருந்தது.

பழைய சார்ஜர் பழுதாகி மாற்று சார்ஜர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ் கூடுதலான சார்ஜரை மாட்டினால் லேப்டாப் எரிந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. வோல்டேஜும் முனையும் அதே நிறுவனத்தின் அதே வகையாக இருந்தால், வாட்ஸ் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்குத் தேவையானதை மட்டுமே இழுத்துக் கொள்ளும். ஆபத்து குறைந்த வாட்ஸில்தான். விலை மலிவான போலி சார்ஜர்களில் நடுப் பின் சரியான தகவலைத் தராததும் உண்டு. அப்போது சில லேப்டாப்புகளில் ஆன் செய்ததுமே "The AC power adapter wattage and type cannot be determined" என்ற செய்தி வரும். அதை என்டர் தட்டிக் கடந்து போகாதீர்கள். பேட்டரி சார்ஜ் ஆகாமல், ப்ராசசரும் நொண்டிக் கொண்டிருக்கும். நல்ல சார்ஜரிலேயே இந்தச் செய்தி வந்தால், அந்த மெல்லிய பின் வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என் கருத்து

இது நம் கவனக்குறைவு மட்டுமல்ல, விற்பவர்களின் தவறும்தான். பெட்டியின் மீதும் விளம்பரத்திலும் "ஆர்.டி.எக்ஸ். 4060" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது 60 வாட்ஸில் ஓடும் 4060யா, 115 வாட்ஸில் ஓடும் 4060யா என்பது எங்கோ பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரே பெயர் கொண்ட இரு லேப்டாப்புகள் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்பித்தான் வாங்குபவர் பணம் தருகிறார். கிராபிக்ஸ் சிப்பின் வாட்ஸும் சார்ஜரின் வாட்ஸும், ராம் அளவைப் போலவே, விலைப் பட்டியலில் இடம் பெற வேண்டும். பேட்டரியில் எவ்வளவு வேகம் குறையும் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

அதுவரை நமக்குக் கடையிலேயே கிடைக்கும் துப்பு சார்ஜர்தான். கிராபிக்ஸ் சிப்பின் வாட்ஸை மறைக்கலாம். சார்ஜரின் லேபிளை மறைக்க முடியாது. ஒரே பெயர் கொண்ட கிராபிக்ஸ் சிப் உள்ள இரு லேப்டாப்புகளில் ஒன்றுக்கு 150 வாட் சார்ஜரும் மற்றொன்றுக்கு 230 வாட் சார்ஜரும் இருந்தால், முதலாவதில் கிராபிக்ஸ் சிப்பிற்கும் ப்ராசசருக்கும் சேர்த்து 115ம் 45ம் தர வழியே இல்லை. கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 230 வாட் சார்ஜர் இருப்பதாலேயே சிப் முழு வேகத்தில் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாதுதான். ஆனால் சார்ஜர் சிறியதாக இருந்தால் ஓடாது என்பது உறுதி.

அதற்காக டைப்-சி சார்ஜரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் குறிப்பெடுக்க, புரோகிராம் எழுத, படம் பார்க்க இந்த லேப்டாப்புகள் பெரும்பாலும் 20, 30 வாட்ஸ்தான் எடுக்கும். அதற்கு 65 வாட் சார்ஜரே போதும். பையில் அதைத்தான் வைத்துக் கொள்ள வேண்டும். கேம் என்றால் மட்டும் செங்கல் வேண்டும்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். அடுத்த வாரம் ஊருக்கு வந்தபோது பெரிய சார்ஜரை எடுத்துப் போய்விட்டான். சிறியது கல்லூரிப் பையில், பெரியது விடுதி மேஜையில். இப்போது கேம் மூன்று மணி நேரம் ஓடினாலும் பேட்டரி 100லேயே நிற்கிறதாம். "கூலிங் பேடைத் திருப்பிக் கொடுக்க முடியுமா அண்ணா?" என்று கேட்டான். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.